ஜவ்வரிசி விலையா, கிழங்கு விலையா எது முந்துகிறது: விஏஆர் முடிவுகளை எழுதும்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

சேலம் வட்டாரத்தில் பொருளாதாரம் படிப்பவர்கள் ஆய்வுக்கு விலைத் தொடர் தேடினால் முதலில் கண்ணில் படுவது மரவள்ளிக்கிழங்கும் ஜவ்வரிசியும்தான். கிழங்கு இங்கேயே விளைகிறது, இங்கேயே சேகோ ஆலைகளில் அரைபடுகிறது. 1981 முதல் இயங்கும் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் டெண்டர் முறையில் விலை போகின்றன. இரண்டு தொடரும் கையில் இருந்தால் கேள்வி தானாக வரும்: கிழங்கு விலை ஏறியதால் ஜவ்வரிசி ஏறுகிறதா, ஜவ்வரிசி ஏறியதால் கிழங்குக்கு விலை கிடைக்கிறதா?

இதற்கு வெக்டர் ஆட்டோரிக்ரஷன், சுருக்கமாக விஏஆர், பொருத்தமான கருவி. 1980-இல் கிறிஸ்டோபர் சிம்ஸ் அதைப் பேரியல் பொருளாதாரத்துக்குக் கொண்டுவந்தபோது சொன்ன காரணம் இங்கும் அப்படியே பொருந்தும்: எது காரணம், எது விளைவு என்று முன்கூட்டியே முடிவு கட்டாமல் எல்லா மாறிகளையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் கட்டுரை எழுதும்போது மூன்று இடத்தில் தேர்வு செய்தே ஆக வேண்டும். எத்தனை லேக், அதாவது எத்தனை மாதம் பின்னோக்கிப் பார்ப்பது. ஒரு விலையின் பழைய மதிப்புகள் இன்னொன்றை முன்னறிவிக்கின்றனவா என்று பார்க்கும் கிரேஞ்சர் சோதனையில் எந்த வகை. ஓர் அதிர்ச்சி மற்ற விலைகளில் மாதாமாதம் எப்படிப் பரவுகிறது என்று காட்டும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸில் மாறிகளுக்கு எந்த வரிசை. இந்த மூன்றில் எதை மாற்றினாலும் பதிலும் மாறக்கூடும். அதனால் என்ன தேர்ந்தெடுத்தோம், மற்றதைத் தேர்ந்தெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற இரண்டையும் வாசகருக்குச் சொல்லியாக வேண்டும்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். மூன்று மாறிகள்: கிழங்கு விலை, ஜவ்வரிசி விலை, மக்காச்சோள விலை. மூன்றுமே லாகரிதத்தில். மக்காச்சோளம் எதற்கு என்றால், சோள ஸ்டார்ச் மரவள்ளி ஸ்டார்ச்சோடு நேராகப் போட்டி போடுகிறது. மாதத் தரவு, 11 ஆண்டுகள், ஆக 132 மாதங்கள். அறுவடைக்கும் விரதக்காலத் தேவைக்கும் பருவம் உண்டு என்பதால் மாத டம்மிகள் 11 சேர்க்கிறோம். வடக்கே மகாராஷ்டிரம், குஜராத் பக்கம் நவராத்திரி விரதத்துக்கு ஜவ்வரிசி நிறையப் போகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீழே வரும் எண்களில் எண்ணிக்கைகள் கணக்கிட்டவை. லேக் முடிவு, தொடர்பு எண் போன்றவை விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

லேக்: ஏஐசியா, பிஐசியா?

மென்பொருளில் ஒரு வரி போட்டால், எத்தனை லேக் வைக்கலாம் என்று சொல்லும் நாலு அளவுகோல் நாலு எண்ணைக் கொடுக்கும். நம் உதாரணத்தில் ஏஐசி 4 என்கிறது, பிஐசி 1 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலரும் இந்த அட்டவணையை அப்படியே ஒட்டிவிட்டு, நட்சத்திரம் அதிகம் விழுந்த வரியை எடுத்துக்கொள்கிறார்கள். ஓட்டெடுப்பு நடத்துவதற்கு முன்னால் ஏன் இவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்று மாறி இருக்கும் விஏஆரில் ஒரு லேக் கூட்டினால் 9 கெழுக்கள் கூடுகின்றன. அதிகபட்சம் 12 லேக் என்று வைத்தால் ஒப்பீட்டுக்கு மிஞ்சுவது 120 மாதங்கள். ஒவ்வொரு புதுக் கெழுவுக்கும் ஏஐசி விதிக்கும் அபராதம் 2. பிஐசி விதிப்பது 120-இன் இயற்கை லாகரிதம், அதாவது ஏறக்குறைய 4.79. ஆக ஒரு லேக் கூட்டுவது ஏஐசி கண்ணில் லாபமாகத் தெரிய, ரெசிடுவல் கோவேரியன்ஸ் அணியின் டிட்டர்மினன்ட்டின் லாகரிதம் 0.15 குறைந்தால் போதும். பிஐசிக்கு 0.36 குறைய வேண்டும். இரண்டரை மடங்குக்குச் சற்றே குறைவு. மாறிகள் கூடக் கூட இந்த இடைவெளியும் விரியும். பிஐசி 1 என்று சொல்வதற்கு இரண்டாவது லேக்கில் ஒன்றுமே இல்லை என்று பொருள் அல்ல. 9 கெழுவுக்கு உண்டான விலையைக் கொடுக்கும் அளவுக்கு இல்லை என்றுதான் பொருள்.

இந்த அபராதத்தைவிட முக்கியம், தவறினால் என்ன ஆகும் என்பது. லேக் குறைவாக வைத்தால், மாதிரி விளக்காமல் விட்ட ரெசிடுவலில் முன்பின் மாதங்களுக்கு இடையே தொடர்பு மிச்சமாகும். அதற்குப் பிறகு செய்யும் கிரேஞ்சர் சோதனையின் பி-மதிப்பை நம்ப முடியாது, இம்பல்ஸ் ரெஸ்பான்ஸின் வடிவமே திரிந்துபோகும். லேக் கூடுதலாக வைத்தால் சோதனையின் கூர்மை மழுங்கும், படத்தின் நம்பிக்கைப் பட்டைகள் அகலமாகும், ஆனால் திசை பொய்யாகாது. இரண்டு தவறும் சம எடை கொண்டவை அல்ல. ஐவனோவ், கிலியன் இருவரும் 2005-இல் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸின் துல்லியத்தை வைத்தே இந்த அளவுகோல்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாதத் தரவுக்கு ஏஐசி, காலாண்டுத் தரவுக்கு ஹானன்-குவின், காலாண்டுத் தரவிலேயே 120 அவதானிப்புக்கும் குறைவாக இருந்தால் பிஐசி என்பது அவர்கள் கண்டது. நம்முடையது மாதத் தரவு. அதனால் என் தேர்வு ஏஐசி, அதாவது 4.

அப்படித் தேர்ந்தெடுத்துவிட்டாலும் ரெசிடுவலைப் பார்க்காமல் விடக்கூடாது. பிஐசி சொன்ன 1 லேக்கிலும் ஏஐசி சொன்ன 4 லேக்கிலும் தொடர்புச் சோதனையை ஓட்டி, இரண்டு பி-மதிப்பையும் ஒரே வரியில் கொடுத்துவிடுங்கள். 1 லேக்கில் தொடர்பு மிச்சம் இருந்து 4 லேக்கில் மறைந்தால், அந்த ஒரு வரி நாலு பத்தி விளக்கத்துக்குச் சமம்.

```r
library(vars)
# நெடுவரிசை: maize, sago, tapioca
VARselect(y, lag.max = 12, type = "const", season = 12)
m <- VAR(y, p = 4, type = "const", season = 12)
serial.test(m, lags.pt = 16, type = "PT.asymptotic")
```

இதில் ஒரு சின்ன விஷயம் கட்டுரையைப் படிப்பவரைக் குழப்பும். அளவுகோல் ஒப்பீட்டில் எல்லா லேக்குக்கும் ஒரே 120 மாதங்கள். மாதிரியை 4 லேக்கோடு மதிப்பிடும்போது 128 மாதங்கள். கீழே வரும் லெவல் சோதனையில் 5 லேக் போட்டால் 127. மூன்று அட்டவணையில் மூன்று எண். தவறு ஒன்றும் இல்லை, ஆனால் ஒவ்வொரு அட்டவணைக்கும் அடியில் எண்ணிக்கையை எழுதாவிட்டால் மதிப்பீட்டாளர் தரவு எங்கே போனது என்று கேட்பார்.

கிரேஞ்சர் சோதனை: வித்தியாசத்திலா, லெவலிலா?

விலைத் தொடர் நிலையானது அல்ல என்று யூனிட் ரூட் சோதனை சொன்னதும், பழக்கத்தில் முதல் வித்தியாசம் எடுத்து விஏஆர் போட்டுவிடுவார்கள். பாடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் கிழங்கு, ஜவ்வரிசி விஷயத்தில் இது ஆபத்து. ஒன்று மூலப்பொருள், இன்னொன்று அதிலிருந்து செய்த சரக்கு. இரண்டு விலையும் தனித்தனியாக எங்கெங்கோ அலைந்தாலும் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் போக முடியாது. போனால் ஒன்று ஆலை நிற்கும், அல்லது புதுசாக ஆலை கிளம்பும். இதுதான் கோஇன்டெக்ரேஷன். அது இருக்கும் இடத்தில் வித்தியாசத்தில் மட்டும் விஏஆர் போட்டால், இடைவெளி விரியும்போது விலையை இழுத்துக்கொண்டு வரும் அந்தப் பிடிமானத்தையே மாதிரியிலிருந்து கழற்றிவிடுகிறோம். எங்கிளும் கிரேஞ்சரும் 1987-இல் காட்டியது இதைத்தான். பெரும்பாலும் விலையைச் சரிசெய்யும் வேலையே அந்தப் பிடிமானத்தின் வழியாக நடப்பதால், வித்தியாச விஏஆரில் "கிரேஞ்சர் காரணம் இல்லை" என்று வருவது வெறும் விடுபட்ட உறுப்பின் வேலையாக இருக்கலாம்.

மாற்று வழி இரண்டு. கோஇன்டெக்ரேஷன் சோதித்து, இருந்தால் அந்தப் பிடிமானத்தையும் சேர்த்த விஇசிஎம் போடுவது ஒன்று. டோடாவும் யமாமோட்டோவும் 1995-இல் சொன்ன முறை இன்னொன்று: லெவலிலேயே விஏஆர் போட்டு, தேர்ந்தெடுத்த லேக்குக்கு மேல் ஒன்று கூட்டி, வால்ட் சோதனையை முதல் 4 லேக்கின் கெழுக்கள் மேல் மட்டும் செய்வது. ஐந்தாவது லேக் மாதிரியில் இருக்கும், சோதனையில் இருக்காது. கோஇன்டெக்ரேஷன் இருக்கிறதா இல்லையா என்ற முன்சோதனையின் பிழை உள்ளே வந்து சேராது என்பது இதன் பலம். ஒரு லேக் அதிகமாகத் தூக்கிச் சுமப்பதால் கூர்மை கொஞ்சம் குறையும் என்பது அதன் விலை.

என் தேர்வு: சோதனைக்கு டோடா-யமாமோட்டோ, இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் படத்துக்கு விஇசிஎம் அல்லது 4 லேக் லெவல் விஏஆர். அந்த 5 லேக் மாதிரியிலிருந்தே இம்பல்ஸ் ரெஸ்பான்ஸும் எடுத்துவிடுவது அடிக்கடி காண்கிற பிழை. ஐந்தாவது லேக் சோதனையின் விநியோகத்தைச் சரிசெய்யச் சேர்த்தது, அதற்கு வேறு பொருள் இல்லை. அதுபோல, வித்தியாச விஏஆரிலிருந்து படம் எடுத்தவர்கள் கோடு பூஜ்யத்துக்குத் திரும்புவதைப் பார்த்து "அதிர்ச்சி 6 மாதத்தில் மறைகிறது" என்று எழுதுகிறார்கள். திரும்பியது மாற்றம்தான், விலை அல்ல. விலை எங்கே போய் நின்றது என்று தெரிய, ரெஸ்பான்ஸைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும்.

மென்பொருள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆர் மொழியின் `vars` தொகுப்பில் `causality(m, cause = "tapioca")` என்று போட்டால், கிழங்கு விலை மற்ற இரண்டையும் சேர்த்து முன்னறிவிக்கிறதா என்றுதான் அது சோதிக்கிறது. கிழங்கிலிருந்து ஜவ்வரிசிக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பி-மதிப்பை அட்டவணையில் போட்டால், நாம் கேட்காத கேள்விக்குப் பதில் எழுதியதாகிவிடும். ஜோடி ஜோடியாகச் சோதிக்க வேண்டுமென்றால், ஜவ்வரிசிச் சமன்பாட்டில் கிழங்கின் நான்கு லேக் கெழுக்களும் பூஜ்யம் என்ற கட்டுப்பாட்டைத் தனியாக எழுதி வால்ட் சோதனை செய்ய வேண்டும். அட்டவணையில் வால்ட் மதிப்பு, டிகிரிஸ் ஆஃப் ஃப்ரீடம் 4, பி-மதிப்பு மூன்றும் இருக்கட்டும்.

"கிரேஞ்சர் காரணம்" என்ற சொல்லை முடிவுரையில் "காரணம்" என்று சுருக்கிவிடாதீர்கள். வடக்கே விரதத் தேவை கூடும் என்று வியாபாரிகள் முன்கூட்டியே எதிர்பார்த்தால், ஆலைகளும் கிழங்கை முன்கூட்டியே பிடித்து வைக்கும். அப்போது கிழங்கு விலை முதலில் ஏறி, ஜவ்வரிசி பிறகு ஏறும். சோதனை கிழங்கு முந்துகிறது என்று சொல்லும். உண்மையில் இழுத்தது ஜவ்வரிசியின் நாளைய தேவை. மாத டம்மி இதில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும், பண்டிகை நாள் ஆண்டுக்கு ஆண்டு நகர்வதால் மீதி தப்பிவிடும்.

வரிசை: சொலெஸ்கியா, பொதுமையாக்கியதா?

எனக்கு இதுதான் மூன்றிலும் கனமான தேர்வு. ரெசிடுவல்கள் ஒரே மாதத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். கிழங்கின் ரெசிடுவல் திட்டவிலக்கம் 4 சதவீதம், ஜவ்வரிசியுடையது 5 சதவீதம், இரண்டுக்கும் தொடர்பு 0.6 என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சேர்ந்த அசைவை யார் கணக்கில் எழுதுவது?

சொலெஸ்கி முறை, வரிசையில் முன்னால் நிற்பவர் கணக்கில் எழுதுகிறது. மக்காச்சோளத்தைத் தள்ளிவைத்து இரண்டை மட்டும் பாருங்கள். கிழங்கு முன்னால் என்றால், கிழங்கின் ஒரு திட்டவிலக்க அதிர்ச்சிக்கு ஜவ்வரிசி அதே மாதத்தில் 3 சதவீதம் ஏறும் (0.6 × 5). ஜவ்வரிசியை முன்னால் போட்டால் அதே 3 சதவீதம் பூஜ்யமாகிவிடும். அதற்குப் பதிலாக ஜவ்வரிசி அதிர்ச்சிக்குக் கிழங்கு 2.4 சதவீதம் ஏறும். தரவு அதே, மாதிரி அதே. நெடுவரிசையின் இடம் மட்டும் மாறியிருக்கிறது. தொடர்பு 0.2-க்குக் கீழே இருந்தால் இந்தக் கவலை பெரிதாக இல்லை. 0.6-இல் கட்டுரையின் முடிவே இதில்தான் தொங்குகிறது.

பெசரனும் ஷின்னும் 1998-இல் கொடுத்த பொதுமையாக்கிய ரெஸ்பான்ஸ் வரிசையைப் பொறுத்து மாறாது. அதனால் பலர் அதற்குத் தாவுகிறார்கள். ஆனால் அது செய்வது இதுதான்: ஒவ்வொரு மாறிக்கும் அதிர்ச்சி கொடுக்கும்போது, அந்த மாறியை முதலில் வைத்த சொலெஸ்கி விடையைத் தருகிறது. கிழங்கு படத்தில் கிழங்கு முதலில், ஜவ்வரிசி படத்தில் ஜவ்வரிசி முதலில். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சேர்ந்த அசைவு இரண்டு கணக்கிலும் எழுதப்பட்டிருக்கும். வரிசைப் பிரச்சினையை அது தீர்க்கவில்லை, கேட்காமல் விட்டுவிடுகிறது. "இந்த மாறியில் எதிர்பாராத ஏற்றம் தெரிந்தால், மற்ற விலை வழக்கமாக எங்கே போகும்?" என்று மட்டும் கேட்பதற்கு அது நல்ல விடை. "எது இழுத்தது?" என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

வரிசைக்கான ஆதாரம் மென்பொருளில் இல்லை, ஆலை வாசலில் இருக்கிறது. இங்கே கிழங்கை எடைக்கு மட்டும் வாங்குவதில்லை, மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து வாங்குகிறார்கள். ஆத்தூர் பக்கத்து ஆலைக்காரர் ஒருவரிடம் பாயிண்டுக்கு எப்படி விலை வைப்பீர்கள் என்று கேட்டேன். "சேகோசர்வ்ல ஜவ்வரிசி என்ன ரேட்டுக்குப் போச்சுன்னு பாத்துட்டுத்தாங்க காலையில சொல்வோம்" என்றார். ஜவ்வரிசியிலிருந்து கிழங்குக்கு விலை ஓரிரு நாளில் போய்ச் சேர்கிறது. எதிர்த் திசையில் அப்படி இல்லை. கிழங்கு வரத்து குறைந்தால் ஆலை குறைவாக அரைக்கும், காய வைத்து மூட்டை போட்டு டெண்டருக்கு வரும் சரக்கு பிறகுதான் குறையும், விலை அதற்கும் பிறகுதான் அசையும்.

இதை வைத்து மக்காச்சோளம், ஜவ்வரிசி, கிழங்கு என்று வரிசை போடலாம். மக்காச்சோள விலை நாடு முழுவதற்குமானது, சேலத்து டெண்டரைப் பார்த்து அந்த வாரமே அசையாது என்பதால் முதலில். ஆனால் இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. "அதே வாரத்தில் கிழங்கு ஜவ்வரிசியைத் தொடாது" என்று சொன்னால் நம்பலாம். "அதே மாதத்தில் தொடாது" என்று சொன்னால் நம்புவது கடினம். ஒரு மாதத்தில் கிழங்குத் தட்டுப்பாடு டெண்டர் வரைக்கும் வந்து சேர நேரம் தாராளமாக இருக்கிறது. மாதச் சராசரி எடுத்ததும் வாரக் கணக்கில் முன்பின்னாக நடந்ததெல்லாம் "ஒரே நேரம்" என்று ஒரே மூட்டைக்குள் போய்விடுகிறது. அந்த 0.6-இல் பெரும்பங்கு அப்படி வந்ததாகவே இருக்கலாம்.

அதனால் வாரத் தரவு கிடைத்தால் மாதத் தரவை விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. 11 ஆண்டு என்றால் 570-க்கு மேல் வாரங்கள். ரெசிடுவல் தொடர்பு இறங்கும், வரிசைக்கான வாதமும் நிற்கும். லேக் தேர்வை மட்டும் புதிதாகச் செய்ய வேண்டும். மேலே சொன்ன மாத, காலாண்டு வழிகாட்டல் வாரத்துக்குச் செய்யப்பட்டதல்ல. அங்கே ரெசிடுவல் சோதனைதான் முதல் சாட்சி.

வாரத் தரவுக்கு ஒரு பொறி உண்டு. வரத்து ஓய்ந்து ஆலைகள் நிற்கும் காலத்தில் கிழங்குக்கு வியாபாரமே இல்லாத வாரங்கள் வரும். பதிவேட்டில் போன வார விலையே திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். ஜவ்வரிசி இருப்பிலிருந்து விற்றுக்கொண்டிருப்பதால் அதன் விலை மட்டும் அசைந்துகொண்டிருக்கும். பிறகு கிழங்கு வரத்து தொடங்கியதும் அதன் விலை ஒரே தாவாகத் தாவி, ஜவ்வரிசி ஏற்கெனவே போன இடத்துக்குப் போகும். மாதிரி இதைப் பார்த்து "ஜவ்வரிசி பல வாரம் முந்துகிறது" என்று சொல்லும், ஏஐசி நீளமான லேக்கைக் கேட்கும். இரண்டுமே பழைய விலையின் நிழல். கிழங்குத் தொடரில் அடுத்தடுத்து மாறாத வாரங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கொத்துக் கொத்தாக இருந்தால், ஆலை ஓடும் பருவத்துக்கு மட்டும் மாதிரியை மதிப்பிட்டு அதையும் காட்டுங்கள்.

அட்டவணை ஒன்று சொல்கிறது, படம் வேறு சொல்கிறது

மதிப்பீட்டாளரிடமிருந்து வரும் கேள்விகளில் ஆய்வாளரை அதிகம் திணறடிப்பது இது: "கிழங்கு ஜவ்வரிசிக்குக் கிரேஞ்சர் காரணம் இல்லை என்கிறீர்கள், படத்தில் ரெஸ்பான்ஸ் தெளிவாக மேலே இருக்கிறதே?" இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும், இரண்டு வழியில். கிழங்கை ஜவ்வரிசிக்கு முன்னால் வைத்த சொலெஸ்கியில், அந்த மாதத்து அசைவு படத்துக்குள் வந்துவிடுகிறது. சோதனையோ கடந்த மாதங்களை மட்டும் பார்க்கிறது. இன்னொன்று, மூன்றாவது மாறி. கிழங்கு நேராக ஜவ்வரிசியைத் தொடாமல் மக்காச்சோளம் வழியாகச் சுற்றிவந்து தொடலாம். ஜவ்வரிசிச் சமன்பாட்டின் சோதனை அடுத்த ஒரு மாதத்துக்கான முன்னறிவிப்பை மட்டுமே பார்ப்பதால் அந்தச் சுற்றுவழியைக் காணாது. படம் காணும். இரண்டு மாறி மட்டும் இருந்தால் இந்தச் சுற்றுவழி கிடையாது.

எந்த வழி என்று கண்டுபிடிப்பது எளிது. நெடுவரிசைகளை மாற்றிப் போட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள்.

```r
y2 <- y[, c("maize", "tapioca", "sago")]
m2 <- VAR(y2, p = 4, type = "const", season = 12)
irf(m2, impulse = "tapioca", response = "sago",
    n.ahead = 12, ortho = TRUE, boot = TRUE,
    ci = 0.90, runs = 1000)
```

முதல் வரிசையில் பூஜ்யத்தில் தொடங்கிய கோடு இங்கே மேலே குதித்தால், பேசுவது ஒரே மாதத் தொடர்பு. இரண்டிலும் தாமதமாக, மூன்றாம் நான்காம் மாதத்தில் எழும்பினால் மூன்றாவது மாறியைத் தேட வேண்டும். இந்த இரண்டாவது படத்தைப் பின்னிணைப்பில் ஒளித்துவைக்காமல் முதல் படத்தின் பக்கத்திலேயே, ஒரே அளவுகோலில் போடுவது நல்லது. அளவும் புரிகிற மாதிரி இருக்கட்டும்: "ஒரு திட்டவிலக்கம்" என்பதைவிட "ஜவ்வரிசி விலை 10 சதவீதம் ஏறினால்" என்று பெருக்கிக் காட்டினால் விவசாயத் துறையில் இருப்பவரும் படிப்பார். மாதிரி நேர்கோட்டுடையது என்பதால் பெருக்குவதில் தவறில்லை.

படத்தின் அடியில் எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "மாத விலைகளின் லாகரிதம், 128 அவதானிப்புகள், 4 லேக் (ஏஐசி, பிஐசி தந்தது 1), மாத டம்மிகளுடன் லெவல் விஏஆர். சொலெஸ்கி வரிசை இடப்பக்கம் மக்காச்சோளம், ஜவ்வரிசி, கிழங்கு. வலப்பக்கம் ஜவ்வரிசியும் கிழங்கும் இடம் மாறியது. நிழல் 90 சதவீதப் பூட்ஸ்ட்ராப் பட்டை, 1000 முறை." இவ்வளவு இருந்தால் கோப்பைக் கையில் எடுக்கும் இன்னொருவர் அதே படத்தைத் திரும்ப வரைந்துவிடலாம். வலப்பக்கப் படத்தில் முடிவு தலைகீழாகிவிட்டால், "கிழங்கிலிருந்து ஜவ்வரிசிக்குப் போகும் விளைவை மாதத் தரவால் பிரித்தறிய முடியவில்லை" என்று முடிவுப் பகுதியின் முதல் வரியிலேயே எழுதுங்கள். மதிப்பீட்டாளர் அதற்காகக் கட்டுரையைத் திருப்பி அனுப்புவது அரிது. அதை மறைத்ததற்காக அனுப்புவதுதான் அதிகம்.